எல்லாவற்றுக்கும் ஒரே விழுக்காடா?

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர் கோலா சாவா. இதுபோன்ற ஊர்களில் சிறுவர் இல்லம், பாலர் பள்ளி, முதியோர் காப்பகம் நடத்தும் சங்கங்கள் அடுத்த மூன்றாண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. இந்த ஆண்டுச் செலவைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையை ஆண்டுக்கு மூன்று விழுக்காடு ஏற்றிக்கொண்டே போவார்கள். மூன்றாண்டுத் திட்டம் முடிந்தது. செயலவையில் எவரேனும் கேள்வி எழுப்பினால், "நாட்டின் பணவீக்கம் இரண்டு, மூன்று விழுக்காடுதானே, அதற்குமேல் எதற்கு?" என்பது பதிலாக வரும்.

பொருளாளர்கள் மட்டுமல்ல, நன்கொடை தருவோரும் கணக்குத் தணிக்கை செய்வோரும்கூட இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். இதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. அரசின் விலைக் குறியீட்டில் எல்லாப் பொருளும் அடங்கிவிடுகின்றன. வருங்காலம் யாருக்கும் தெரியாது என்பதால் தனித்தனி விகிதம் போடுவது வீண் நுணுக்கம். ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் கூடி, மொத்தத்தில் சரியாகிவிடும். மூன்றும் தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் மலேசிய விலைகளை வைத்தே சோதித்துப் பார்க்க முடியும்.

சோதனைக்கு ஓர் இல்லத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். செலவுத் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. சம்பளச் சட்டமும் உணவு விலையேற்றமும் டீசல் விலையும் நடந்தவை. 2021ஆம் ஆண்டில் அந்த இல்லத்தில் 40 பிள்ளைகள், 6 ஊழியர்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,200 வெள்ளி சம்பளம். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டையும் சொக்சோ முதலிய சந்தாக்களையும் சேர்த்தால் சம்பளத்துக்கு மேல் சுமார் 15 விழுக்காடு ஆகும். ஆக, ஆண்டுக்குச் சம்பளச் செலவு 99,360 வெள்ளி. உணவுக்கு 48,000. பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு மாதம் 500 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.15 வெள்ளி என்று ஆண்டுக்கு 12,900. வாடகை மாதம் 1,500 என்று 18,000. மொத்தம் 178,260 வெள்ளி.

மூன்று விழுக்காட்டு முறைப்படி 2022க்கு 183,608, 2023க்கு 189,116, 2024க்கு 194,790 வெள்ளி ஒதுக்கப்படும். நடந்தது என்ன?

முதலில் சம்பளம். 2022 மே 1ஆம் நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த சிறு முதலாளிகளுக்குத்தான் கூடுதல் தவணை கிடைத்தது. ஆறு பேர் உள்ள இந்த இல்லத்துக்கு அது பொருந்தாது. 1,200லிருந்து 1,500 என்றால் 25 விழுக்காடு. ஆனால், 2022இல் முழு 25 விழுக்காடும் கணக்கில் வராது. நான்கு மாதம் பழைய சம்பளம், எட்டு மாதம் புதிய சம்பளம் என்பதால் அந்த ஆண்டின் செலவு 16.7 விழுக்காடு ஏறி 115,920 ஆகிறது. அடுத்த ஆண்டு சம்பளத்தை ஒரு காசுகூட ஏற்றாவிட்டாலும் பன்னிரண்டு மாதமும் புதிய சம்பளமே என்பதால் செலவு மேலும் 7.1 விழுக்காடு கூடி 124,200 ஆகிறது. பாதி ஆண்டில் வரும் ஏற்றத்தின் எஞ்சிய பங்கு அடுத்த ஆண்டில் வந்து விழுவதைப் பல திட்டங்கள் கவனிப்பதே இல்லை. 'இவ்வாண்டு சம்பள உயர்வு கிடையாது' என்று தீர்மானம் போட்ட ஆண்டிலேயே சம்பளக் கணக்கு ஏன் ஏறியது என்று செயலவையினர் குழம்புவது இதனால்தான்.

அடுத்தது உணவு. மலேசியப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின்படி உணவும் மதுவல்லாத பானங்களும் 2022இல் 5.8 விழுக்காடும், 2023இல் 4.8 விழுக்காடும், 2024இல் 2 விழுக்காடும் ஏறின. அதன்படி இல்லத்தின் உணவுச் செலவு 50,784, 53,222, 54,286 என்று போகும்.

டீசலின் கதை வேறு. 2022, 2023 இரண்டு ஆண்டும் விலை அசையவே இல்லை, தீபகற்பத்தில் 2.15 வெள்ளியிலேயே நின்றது. 2024 ஜூன் 10ஆம் நாள் மானியம் சீரமைக்கப்பட்டு, ஒரே இரவில் 3.35 வெள்ளியாகியது. 55.8 விழுக்காடு ஏற்றம். பள்ளிப் பேருந்துகளுக்கும் சில வகைச் சரக்கு வண்டிகளுக்கும் அப்போது மானிய அட்டை கிடைத்தது. தகுதியுள்ள தனிநபர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. சங்கத்தின் பெயரில் பதிவாகி, அந்த அட்டைக்குத் தகுதி பெறாத வண்டி இரண்டிலும் சேராது. இந்த இல்லத்தின் வண்டி அப்படிப்பட்டது என்று கொண்டால், மாதம் 1,075 வெள்ளியாக இருந்த டீசல் செலவு 1,675 ஆகிறது. பின்னர் விலை சற்று இறங்கியது. ஜூன் முதல் டிசம்பர் வரையான ஏழு மாதத்துக்குச் சராசரி 3.10 வெள்ளி என்று வைத்தால் 2024இன் டீசல் செலவு 16,225.

வாடகை ஒப்பந்தம் 2023 முடிய மாறாது; 2024இல் புதுப்பிக்கும்போது பத்து விழுக்காடு ஏறி 19,800 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நான்கையும் கூட்டினால் உண்மைச் செலவு 2022இல் 197,604, 2023இல் 208,322, 2024இல் 214,511. ஒதுக்கியதைவிட முதலாண்டு 13,996 வெள்ளியும், அடுத்த ஆண்டு 19,206 வெள்ளியும், மூன்றாம் ஆண்டு 19,721 வெள்ளியும் கூடுதல். மூன்றாண்டுக்கும் சேர்த்துத் துண்டு விழுவது 52,923 வெள்ளி. இல்லத்தை 2021ஆம் ஆண்டுக் கணக்கில் மூன்றரை மாதம் நடத்தப் போதுமான தொகை இது.

இனி அந்த மூன்று நியாயங்களுக்கு வருவோம்.

விலைக் குறியீட்டில் எல்லாம் அடக்கம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே மூன்றாண்டுகளில் மலேசியாவின் பணவீக்கம் 3.3, 2.5, 1.8 விழுக்காடு. சராசரி இரண்டரை. அதாவது மூன்று விழுக்காடு போட்ட பொருளாளர் தவறாகக் கணிக்கவில்லை; நாட்டின் பணவீக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறார். அப்படியும் 52,923 வெள்ளி பற்றாக்குறை. கணிப்பு சரியாக இருந்தும் கணக்கு தோற்றது என்றால், கோளாறு எண்ணில் இல்லை, முறையில் இருக்கிறது.

அந்தக் கோளாறு என்ன? பயனீட்டாளர் விலைக் குறியீடு ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களின் விலையை அளப்பது. அதில் அரிசி உண்டு, மீன் உண்டு, வாடகை உண்டு, பெட்ரோல் உண்டு. சம்பளம் கிடையாது. குடும்பத்துக்குச் சம்பளம் வரவு. அது செலவுக் கூடையில் வர வழியில்லை. சிறுவர் இல்லத்துக்கோ அதுவே பெருஞ்செலவு. நம் எடுத்துக்காட்டில் மொத்தத்தில் கிட்டத்தட்ட 56 விழுக்காடு. ஆக, பாதிக்கும் மேற்பட்ட செலவை, அந்தச் செலவை அளக்கவே அளக்காத ஒரு குறியீட்டைக் கொண்டு ஏற்றியிருக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் எரிபொருள் விலை சரிந்ததாலும் மின்கட்டணக் கழிவாலும் நாட்டின் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போனது. அந்த ஆண்டில் சமையற்கூடத்துக்கு அரிசியும் காய்கறியும் மலிவாகக் கிடைத்துவிடவில்லை. ஒரே விகிதத்தை நம்பியவர் நியாயப்படி எல்லாச் செலவையும் வெட்டியிருக்க வேண்டும்.

தோட்ட மக்களின் வரலாறு இதை எப்போதோ எடுத்துக்காட்டிவிட்டது. 1920களில் மலாயாவின் இந்தியக் குடியேற்றக் குழு, தோட்டத் தொழிலாளியின் அரிசி, துணி முதலிய செலவுகளை வகைவகையாகக் கணக்கிட்டு நியமச் சம்பளம் வகுத்தது. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது, ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாக வெட்டப்பட்டது. பின்னாளில் பால்மரத் தொழிலாளியின் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. 1950, 51இல் கொரியப் போரின்போது ரப்பர் விலை ஏறியது, பின்பு விழுந்தது. கூலி ஒரு காரணத்தால் அசையும், அரிசி இன்னொரு காரணத்தால் அசையும் என்பது லயத்தில் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த செய்தி. வாடகை என்ற செலவே அந்தக் குடும்பங்களுக்கு அப்போது இல்லை. லயத்து வீட்டை விட்டுச் சிரம்பானுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபோன பிறகுதான் அது வந்தது. பாட்டன் பாட்டி வாழ்ந்தறிந்ததைப் பேரப்பிள்ளைகள் நடத்தும் சங்கத்தின் கணக்கு மறந்துவிடுகிறது.

இரண்டாவது நியாயம் கேட்பதற்கு அடக்கமாக இருக்கும்: வருங்காலம் தெரியாதபோது நான்கு விகிதம் போட்டால் நான்கு தவறுதானே? நான்கில் இரண்டு முழு ஊகம் அல்ல என்பதுதான் இதற்கான மறுமொழி. வாடகை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த மாதம் முடிகிறது என்பது எழுத்தில் உள்ளது. அதுவரை ஏற்றம் பூஜ்யம். அதற்கு மூன்று விழுக்காடு போடுவது தெரிந்த ஒன்றைத் தெரியாததாக்குவது. குறைந்தபட்சச் சம்பளமும் முழு இருட்டில் இல்லை. 2011ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம், இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது சம்பள ஆணையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது. தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாக இருந்தது 2016இல் 1,000, 2019இல் 1,100, 2020இல் நகரங்களுக்கு 1,200, 2022இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. ஒவ்வொரு தடவையும் ஏற்றம் ஒன்பது விழுக்காட்டுக்குக் குறையவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏற்றம் சுழியம். ஆண்டுதோறும் சீராக மூன்று விழுக்காடு ஏறும் சம்பளம் இந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 இறுதியில் திட்டம் எழுதிய எவரும் 25 விழுக்காட்டை உறுதியாக எதிர்பார்த்திருக்க முடியாது. 1,500 வெள்ளி என்ற அறிவிப்பை அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி வெளியிட்டதே 2022 மார்ச்சில்தான். ஆகவே தனித்தனி விகிதமும் தவறியிருக்கும். எவ்வளவு தவறியிருக்கும் என்பதையும் போட்டுப் பார்ப்போம். 2021 இறுதியில் நிதானமான ஒரு பொருளாளர், பழைய ஏற்றங்களைப் பார்த்து, சம்பளத்துக்கு 2022 தொடக்கத்தில் ஒரு பத்து விழுக்காடு, 2024 தொடக்கத்தில் இன்னொரு பத்து விழுக்காடு வைக்கிறார். உணவுக்கு ஆண்டுக்கு நான்கு. டீசலுக்குச் சுழியம். வாடகைக்கு 2023 வரை ஒப்பந்தப்படி, 2024இல் பத்து விழுக்காடு. அவருடைய திட்டம் 190,116, 192,113, 206,919 என்று வரும். மூன்றாண்டுப் பற்றாக்குறை 31,289 வெள்ளி. பெருந்தொகைதான், ஆனால், ஒரே விகிதத்தின் பற்றாக்குறையில் ஐந்தில் மூன்று பங்கே.

அதைவிடப் பெரிய வேறுபாடு அடுத்த ஆண்டில் தெரியும். 2022 மே மாதம் சம்பள ஆணை வந்ததும் இந்தப் பொருளாளர் ஒரேயொரு வரியைத் திருத்துகிறார்: 2023இன் சம்பளம் 124,200. மற்றவற்றைத் தொடவே இல்லை. திருத்திய 2023 திட்டம் 207,017. உண்மைச் செலவு 208,322. வேறுபாடு 1,305 வெள்ளி. மூன்று விழுக்காட்டுக்காரருக்கு இந்த வாய்ப்பு இல்லை. 2022 முடிவில் அவர் குறியீட்டைப் பார்க்கிறார், 3.3 என்று இருக்கிறது. 'நாம் போட்டது ஏறத்தாழ சரிதான்' என்று 2023க்கும் அதையே வைக்கிறார். தவறு எங்கே நடந்தது என்று காட்டாத கணக்கு, திருத்திக்கொள்ளவும் இடம் தருவதில்லை. தனித்தனி விகிதம் போடுவதன் முதற்பயன் துல்லியமான கணிப்பு என்று எண்ணுவதே தவறு. எந்தக் கணிப்பு, எந்த மாதம், எந்த ஆணையால் பொய்த்தது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது மூன்றாவது நியாயம். ஒரே விகிதத்தைக் கொஞ்சம் கூட்டி, சரியான மொத்தம் வருமாறு வைத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். நம் எடுத்துக்காட்டில் 2021க்கும் 2024க்கும் இடையே செலவு ஏறியது ஆண்டுக்கு ஏறத்தாழ 6.4 விழுக்காடு. அந்த எண்ணைத் தெய்வமே வந்து முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் 2022இல் சுமார் 7,900 வெள்ளியும், 2023இல் சுமார் 6,500 வெள்ளியும் துண்டு விழும். ஏற்றம் சீராக வரவில்லை, முதலாண்டிலேயே வந்து மோதியது. 2024இல் மொத்தம் சரியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு 2022 டிசம்பர் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது.

மொத்தம் சரியாக வந்த 2024ஐயே எடுத்துக்கொண்டாலும் உள்ளே பார்த்தால் சம்பளத்தில் சுமார் 4,600 வெள்ளி குறையும். உணவில் சுமார் 3,500 மிஞ்சும். வாடகையில் சுமார் 1,900 மிஞ்சும். 'உணவுக்கு மட்டும்' என்று கொடுத்த நன்கொடையைச் சம்பளத்துக்குத் திருப்ப எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பல மானியங்களில் அதற்கு இடமே இல்லை. ஒருபுறம் செலவழிக்க முடியாத பணம் திரும்பிப் போகும். மறுபுறம் சேமநிதிச் சந்தா தாமதமாகி அதற்கு அபராதம் கட்ட நேரும். ஈடுகட்டும் என்று சொல்வது காகிதத்தில் மட்டுமே உண்மை.

இன்னும் சிலர் எதிர்முனைக்குப் போய், பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் பத்து விழுக்காடு போடச் சொல்வார்கள். அதுவும் அதே தவறின் மறுபக்கம். ஒப்பந்தம் போட்ட வாடகைக்குப் பத்து விழுக்காடு கேட்டால், நன்கொடையாளர் அந்த ஒரு வரியைப் பார்த்தே மற்ற எல்லா வரிகளையும் ஐயப்படுவார். உண்மையில் தேவைப்படும் சம்பள உயர்வும் அதோடு சேர்ந்து வெட்டுப்படும்.

தனித்தனி விகிதம் என்றால் வெண்டைக்காய்க்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று என்று நூறு வரி எழுதுவதும் அல்ல. மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வரும் செலவுக்குத் தனி விகிதம், மற்றவற்றுக்குப் பொதுப் பணவீக்கம் என்று வைத்தாலே ஓர் இல்லத்துக்கு நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். அந்த வரிகளை மூன்று வகையாகப் பார்ப்பது நல்லது. உணவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. அதற்கு விழுக்காடு பொருந்தும். சம்பளமும் வாடகையும் நாள் குறித்து ஏறுவன. அவற்றுக்கு எந்த மாதம், எவ்வளவு என்று எழுத வேண்டும். எரிபொருள் அரசு கட்டுப்படுத்தும் வரை அசையாமல் கிடந்து, கட்டு அவிழ்ந்ததும் பாய்வது. அதற்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு என்று பரப்பி வைப்பதில் பொருளில்லை. விலையைச் சுழியத்தில் வைத்துவிட்டு, மானியம் போனால் மாதம் எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கிட்டு ஒதுக்குநிதியாகத் தனியே காட்டுவதே முறை. 500 லிட்டர் ஓடும் வண்டிக்கு அது மாதம் 600 வெள்ளி வரை போகும் என்று 2024 காட்டிவிட்டது.

உணவிலும் இந்தப் பாய்ச்சல் உண்டு. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளையரிசியின் விலையைப் பெர்னாஸ் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆக உயர்த்தியது. உள்ளூர் வெள்ளையரிசிக்குக் கிலோ 2.60 வெள்ளி என்ற உச்சவரம்பு அப்படியே இருந்தது; ஆனால், கடைகளில் அது கிடைப்பது அரிதாகிப் பலர் இறக்குமதி அரிசிக்கு மாற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கான மானியமும் விலைக்கட்டுப்பாடும் நீங்கின. 40 பிள்ளைகளுக்குச் சமைக்கும் இடத்தில் அரிசியும் கோழியும் பெரும்பங்கு வகித்தால், நாட்டின் உணவுக் குறியீடு சொல்லும் 4.8 விழுக்காடுகூட அந்தச் சமையற்கூடத்துக்குப் பொருந்தாது. தங்கள் கடைச் சீட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கும்போது விலையையும் அளவையும் பிரித்தே பார்க்க வேண்டும். பிள்ளைகள் 40லிருந்து 46 ஆனதால் கூடிய செலவை விலையேற்றத்தின் தலையில் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டின் விகிதம் ஊதிப்போகும்.

சம்பளத்தில் குறைந்தபட்ச உயர்வோடு கணக்கு நின்றுவிடாது என்பதும் இங்கே சேர வேண்டும். பத்தாண்டு அனுபவமுள்ள சமையல்காரர் 1,500 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த இடத்தில், நேற்றுச் சேர்ந்தவருக்கும் சட்டப்படி 1,500 என்றானால், மூத்தவருக்கும் ஏதாவது ஏற்ற வேண்டிவரும். ஏற்றாவிட்டால் அவர் வேறு வேலை தேடிப் போவார். சட்டத்தில் எழுதாத இந்தச் செலவைச் சம்பள வரிக்குள்ளேயே வைக்க வேண்டும். சேமநிதியும் சொக்சோவும் சம்பளத்தைப் பின்தொடர்பவை. அவற்றுக்குத் தனி விகிதம் தேவையில்லை.

நன்கொடையாளருக்கு எளிமைதான் பிடிக்கும் என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். 'எல்லாவற்றுக்கும் மூன்று விழுக்காடு' என்ற வரியை எவராலும் சோதிக்க முடியாது. 'வாடகை 2023 டிசம்பர் வரை மாறாது, ஒப்பந்தம் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வரியை எவரும் சோதிக்கலாம். 'சம்பள ஆணை இன்னின்ன ஆண்டில் மறுபரிசீலனைக்கு வரும், கடந்த ஏற்றங்கள் இவை' என்ற வரியையும் சோதிக்கலாம். இரண்டாவது வகைத் தாளைக் கேட்கும் உரிமை நன்கொடையாளருக்கும் சங்க உறுப்பினருக்கும் உண்டு.

1,700 வெள்ளி ஆணை நடப்புக்கு வந்தது 2025 பிப்ரவரி. சட்டம் சொல்லும் இரண்டாண்டுக் கெடுவின்படி அடுத்த மறுபரிசீலனை 2027 வாக்கில் வந்தாக வேண்டும். அந்த ஆண்டைத் தொடும் எந்தத் திட்டத்திலும் சம்பள வரியில் அந்த மறுபரிசீலனைக்கான ஏற்றம், மாதத்தோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்கட்டும். எழுதப்படாமல் மூன்று விழுக்காடு மட்டும் நின்றால், அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பி மீண்டும் போடச் சொல்வதே சரி.